ஏற்றுமதி இன்வாய்ஸில் எந்த விநியோக நிபந்தனையை எழுதுவது: எக்ஸ் ஒர்க்ஸ், எஃப்சிஏ, சிஐபி, டிஏபி, டிடிபி ஓர் ஒப்பீடு

முதல் ஏற்றுமதிக்கு ஆவணம் தயாரிப்பவர்கள் வணிக இன்வாய்ஸின் பெரும்பாலான கட்டங்களைத் தயக்கமின்றி நிரப்பிவிடுகிறார்கள். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், இன்வாய்ஸ் எண், தேதி, நாணயம், எண்ணிக்கை ஆகியவை ஏற்கெனவே கையில் இருப்பவை. செலவும் பொறுப்பும் எங்கே கைமாறுகின்றன என்பதைச் சொல்லும் விநியோக நிபந்தனைக் கட்டத்தில்தான் பேனா நிற்கிறது. வாங்குபவர் ஒன்று கேட்கிறார், சரக்கை அனுப்பிவைக்கும் முகவரான ஃபார்வார்டர் வேறொன்று சொல்கிறார், பழைய இன்வாய்ஸ் ஒன்றில் மூன்றாவதாக ஏதோ எழுதியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் எழுதும் மூன்றெழுத்து, அதே தாளின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைச் சுங்க அதிகாரிக்குச் சொல்கிறது. அந்தத் தொகைக்குள் கப்பல் கட்டணம் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா, இறக்குமதி வரியே அடங்கியிருக்கிறதா என்பதை அவர் இதிலிருந்துதான் அறிகிறார். ஆகவே எந்த நிபந்தனையின் ஒவ்வொரு செலவையும் நம்மால் தனி வரியாக எழுதி ஆதாரமும் காட்ட முடியுமோ, அதைத் தேர்வதே சரி என்பது என் கருத்து.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். முதலாவது, ஏற்றுமதி நாட்டின் சுங்கத்தில் அறிவிப்பைத் தாக்கல் செய்வது யார்? இரண்டாவது, இன்வாய்ஸ் தொகைக்கும் இறக்குமதி நாட்டின் சுங்க மதிப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, அதை நிரப்பும் ஆதாரம் யார் கையில்? மூன்றாவது, சரக்கு வழியில் சேதமானால் இழப்பு யாருடையது? நான்காவது, நம் கட்டுப்பாட்டில் இல்லாத செலவு எதற்காவது நாம் பொறுப்பேற்கிறோமா?

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தின்படி, வாங்குபவர் உண்மையில் செலுத்திய அல்லது செலுத்த வேண்டிய விலையே மதிப்பீட்டின் அடிப்படை. ஆனால் இறக்குமதி இடம் வரையிலான போக்குவரத்து, ஏற்றியிறக்கும் செலவு, காப்பீடு ஆகியவற்றை அந்த மதிப்பில் சேர்ப்பதா விடுவதா என்பதை அதன் 8ஆம் பிரிவு ஒவ்வொரு நாட்டின் முடிவுக்கும் விட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, ஜப்பான் ஆகியவை சேர்க்கின்றன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை பன்னாட்டுக் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்ப்பதில்லை. எனவே ஒரே இன்வாய்ஸ் ஓரிடத்தில் குறைவாகவும் மற்றோரிடத்தில் கூடுதலாகவும் மதிப்பைக் காட்டக்கூடும். இரண்டு ஆபத்துகளையும் தவிர்க்க ஒரே வழி, தொகையைப் பிரித்து எழுதுவதுதான்.

ஒப்பீட்டுக்கு ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம்: 6,000 பருத்திப் படுக்கை விரிப்புகள், ஒன்று 8 டாலர், ஒரு கன்டெய்னரில் கடல் வழியாகச் செல்கின்றன. ஆலையிலிருந்து துறைமுக முனையம் வரையிலான லாரி வாடகையும் ஏற்றுமதிச் சுங்கச் செலவும் 600 டாலர், முனையக் கையாளுகையும் கப்பலில் ஏற்றுவதும் 300, கடல் கட்டணம் 1,800, காப்பீடு 200, சேரும் துறைமுகத்திலிருந்து வாங்குபவரின் கிடங்கு வரை 900, இறக்குமதி வரி 10 சதவீதம். இவை கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்.

| நிபந்தனை | இன்வாய்ஸ் மொத்தம் (டாலர்) | ஏற்றுமதிச் சுங்கம் | இறக்குமதிச் சுங்கம் | பிரித்துக் காட்ட வேண்டியவை |
|---|---|---|---|---|
| எக்ஸ் ஒர்க்ஸ், ஆலை | 48,000 | வாங்குபவர் | வாங்குபவர் | இல்லை. மற்ற செலவுகளின் ஆதாரம் வாங்குபவரிடம் |
| எஃப்சிஏ, துறைமுக முனையம் | 48,600 | விற்பவர் | வாங்குபவர் | பொருள் விலை, உள்நாட்டுச் செலவு |
| சிஐபி, சேரும் துறைமுகம் | 50,900 | விற்பவர் | வாங்குபவர் | கடல் கட்டணம், காப்பீடு |
| டிஏபி, வாங்குபவரின் கிடங்கு | 51,800 | விற்பவர் | வாங்குபவர் | மேற்கண்டவற்றுடன் இறங்கிய பிறகான போக்குவரத்து |
| டிடிபி, வாங்குபவரின் கிடங்கு | 56,890 | விற்பவர் | விற்பவர் | மேற்கண்ட அனைத்தும், இறக்குமதி வரியும் |

## எக்ஸ் ஒர்க்ஸ்

விற்பவருக்கு இதுவே மிக எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆலை வாசலில் சரக்கைத் தயாராக வைத்தால் போதும். லாரியில் ஏற்றுவதுகூட விற்பவரின் கடமையன்று. ஆனால் நிபந்தனையின்படி ஏற்றுமதிச் சுங்க நடைமுறையும் வாங்குபவருடையதாகிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இங்கே ஏற்றுமதியாளராக அறிவிக்கப் பல நாடுகளின் சட்டம் இடம் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், சில விதிவிலக்குகள் தவிர, ஏற்றுமதியாளர் அந்த ஒன்றியத்தின் எல்லைக்குள் நிலைகொண்டவராக இருக்க வேண்டும். கடைசியில் நடப்பது என்னவென்றால், இன்வாய்ஸில் எக்ஸ் ஒர்க்ஸ் என்று இருக்க, ஏற்றுமதி அறிவிப்பு விற்பவரின் பெயரில் போகிறது. அதைத் தாக்கல் செய்தவரோ வாங்குபவர் அமர்த்திய ஃபார்வார்டர்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான். சரக்கு நாட்டைவிட்டு வெளியேறியதற்கான சான்று இல்லாமல் ஏற்றுமதிக்குரிய உள்நாட்டு வரிவிலக்கை விற்பவர் பெற முடியாது. அந்தச் சான்றைத் தர வேண்டிய ஃபார்வார்டருக்கோ விற்பவர் வாடிக்கையாளர் அல்லர். நான் பார்த்த ஒரு சரக்கில், சான்று வந்து சேர ஏழு வாரம் ஆனது. அதுவும் வாங்குபவர் தன் நாட்டிலிருந்து மூன்று முறை கேட்ட பிறகு.

இறக்குமதி முனையில், கப்பல் கட்டணத்தைச் சேர்த்து மதிப்பிடும் நாட்டில் 48,000க்கு மேல் 2,900 டாலரை வாங்குபவர் தம் ரசீதுகளைக் கொண்டு சேர்த்து அறிவிக்க வேண்டும். விடுபட்டால் 290 டாலர் வரி குறைவாகக் கட்டியதாகும், அபராதம் தனி. விற்பனை முழுவதும் உள்நாட்டிலேயே முடிந்து, வாங்குபவருக்கு இங்கே பதிவுபெற்ற நிறுவனமும் சுங்க முகவரும் இருக்கும்போது மட்டுமே எக்ஸ் ஒர்க்ஸ் பொருந்தும். மற்ற நேரங்களில் இதன் எளிமை தாளோடு சரி.

## எஃப்சிஏ, அதன் பழைய போட்டியாளர் எஃப்ஓபி

கன்டெய்னர் சரக்குக்கு நான் முதலில் யோசிப்பது எஃப்சிஏதான். ஏற்றுமதிச் சுங்கத்தை விற்பவரே முடித்து, குறிப்பிட்ட இடத்தில் வாங்குபவரின் போக்குவரத்து நிறுவனத்திடம் சரக்கை ஒப்படைக்கிறார். அந்த நிமிடத்திலேயே இழப்பின் பொறுப்பும் கைமாறுகிறது. சான்று நம் கையில் இருக்கிறது. அதற்கு அப்பாலுள்ள கட்டணம் எதுவும் நம் கணக்கில் இல்லை.

பழக்கத்தால் பலர் எஃப்ஓபி என்றே எழுதுகிறார்கள். அது கடல், உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கு மட்டும் உரியது. அதில் சரக்கு கப்பலின் மேல் ஏறும்வரை பொறுப்பு விற்பவருடையது. ஆனால் கன்டெய்னரை நாம் முனையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறோம். கப்பல் நான்கு நாள் கழித்துத்தான் வருகிறது. அந்த நான்கு நாளில் முனையத்துக்குள் தண்ணீர் புகுந்தால், நாம் கண்ணால்கூடப் பார்க்க முடியாத இடத்தில் நடந்த இழப்பு நம் தலையில் விழும். விமானத்தில் போகும் சரக்குக்கு எஃப்ஓபி என்று எழுதுவது இன்னும் பொருந்தாதது. ஆனாலும் அப்படிப்பட்ட இன்வாய்ஸ்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எஃப்சிஏவுக்கும் ஒரு குறை உண்டு. வங்கி தரும் கட்டண உறுதிக் கடிதமான எல்.சி. வழியாகப் பணம் பெறுபவரிடம், சரக்கு கப்பலில் ஏறியதைக் குறிக்கும் பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் ஆவணத்தை வங்கி கேட்கும். முனையத்தில் ஒப்படைத்ததோடு கடமை முடிந்த விற்பவரிடம் அது இயல்பாக வராது. இந்த நிபந்தனைகளை வரையறுக்கும் பன்னாட்டு விதித்தொகுப்பான இன்கோடெர்ம்ஸின் 2020 பதிப்பு இதற்கு ஒரு வழி வைத்தது: இருவரும் ஒப்புக்கொண்டால், அத்தகைய பில்லை விற்பவருக்கு வழங்கும்படி வாங்குபவர் போக்குவரத்து நிறுவனத்துக்கு அறிவுறுத்த வேண்டும். இது தானாக நடப்பதில்லை. ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எழுத மறந்தால் பணம் நிற்கும்.

## சிஐபியும் சிஐஎஃப்பும்

இவ்விரண்டிலும் சேரும் இடம் வரையிலான கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவரே செலுத்துகிறார். வாங்குபவருக்குக் கப்பல் நிறுவனத்துடன் பேரம் பேசும் வலிமை இல்லாதபோதும், நமக்கு நல்ல கட்டணம் கிடைக்கும்போதும் இவை சிறந்தவை. நம் எடுத்துக்காட்டில் இன்வாய்ஸ் மொத்தம் 50,900 டாலர். கப்பல் கட்டணத்தைச் சேர்க்கும் நாடுகளில் இதுவே பெரும்பாலும் சுங்க மதிப்பாகவும் அமைவதால் இறக்குமதியாளரின் வேலை குறைகிறது. சேர்க்காத நாட்டுக்குச் செல்லும்போதுதான் கவனம் வேண்டும். 50,900 என்று ஒற்றை வரியில் எழுதினால் கடல் கட்டணமும் காப்பீடுமான 2,000 டாலருக்கும் வரி விழும். 10 சதவீதத்தில் 200 டாலர் வீண். கடல் கட்டணத்தையும் காப்பீட்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதாததற்கு இது பெரிய விலை.

பொறுப்பு எங்கே மாறுகிறது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். விற்பவர் சேரும் துறைமுகம் வரை கட்டணம் செலுத்துகிறார். ஆனால் சிஐபியில் முதல் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததும், சிஐஎஃப்பில் கப்பலில் ஏறியதும், இழப்பு வாங்குபவருடையதாகிவிடுகிறது. நடுக்கடலில் சரக்கு நனைந்தால் காப்பீட்டுக் கோரிக்கையை வைப்பவர் வாங்குபவரே. ஆகவே காப்பீட்டின் தரம் அவருடைய கவலை. 2020 பதிப்பில் சிஐபிக்கு, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் ஏ என்ற விரிவான காப்பீடு வேண்டும். சிஐஎஃப்புக்குக் குறைந்தபட்சமான கிளாஸ் சி போதும். இரண்டிலும் காப்பீட்டுத் தொகை ஒப்பந்த விலையில் குறைந்தது 110 சதவீதம். அதாவது நம் சரக்குக்கு 55,990 டாலர். நனைந்தால் கெடும் துணிச்சரக்குக்குக் கிளாஸ் சி ஏறக்குறைய பயனற்றது. கப்பல் மூழ்குதல், தீ, மோதல் போன்ற பெரிய விபத்துகளையே அது பார்க்கும். விலைப்புள்ளியில் சிஐஎஃப் சற்று மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

## டிஏபியும் டிடிபியும்

வாங்குபவர் கிடங்கு வாசல் வரை விலை கேட்டால், எனக்கு உகந்தது டிஏபி. வழியில் ஏற்படும் இழப்பு முழுவதும் விற்பவருடையது என்பதால், நிபந்தனை கட்டாயப்படுத்தாவிட்டாலும் காப்பீட்டை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டில் அந்த 200 டாலரைத் தொகைக்குள் வைத்ததும் அதனால்தான். இறக்குமதி வரியை வாங்குபவர் தம் பெயரில் கட்டுகிறார். அவர் தாமதித்தால் துறைமுகத்தில் ஏறும் தேக்கக் கட்டணம் யாருடையது என்பதை மட்டும் முன்பே பேசிவிடுவது நல்லது.

இறக்குமதி வரியையும் விற்பவரே கட்டும் டிடிபி வாங்குபவருக்கு இனிக்கும். விற்பவருக்கோ அந்நிய நாட்டில் இறக்குமதியாளராக நிற்க வேண்டிய நிலை. அங்கே பதிவு எண் வேண்டும். மதிப்புக் கூட்டு வரியும் கட்ட வேண்டும். வாங்குபவர் கட்டியிருந்தால் அந்த வரியைத் தம் கணக்கில் திரும்பப் பெற்றிருப்பார்; அங்கே பதிவில்லாத விற்பவருக்கு அது பெரும்பாலும் திரும்பாத செலவு. வரி விகிதம் இடையில் உயர்ந்தாலும் நம் பணம்தான்.

இன்வாய்ஸில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தின் விளக்கக் குறிப்பு, இறக்குமதிக்குப் பிந்தைய போக்குவரத்தையும் இறக்குமதி நாட்டின் வரிகளையும் மதிப்பிலிருந்து நீக்க அனுமதிக்கிறது. ஆனால் அவை விலையிலிருந்து பிரித்தறியத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கப்பல் கட்டணத்தைச் சேர்க்கும் நாட்டில் நம் சரக்கின் சரியான மதிப்பு 50,900, வரி 5,090. டிடிபி மொத்தமான 56,890 ஒற்றை வரியாக நின்றால் அதன்மீதே 5,689 விதிக்கப்படலாம். 599 டாலர் கூடுதல். அதில் ஒரு பகுதி வரிக்கே கட்டிய வரி. சொந்தக் கிளை அங்கே இருப்பவர்களுக்கும், வாடிக்கையாக அந்த நாட்டில் விற்பவர்களுக்கும் டிடிபி பொருந்தும். முதல் சரக்கை அனுப்புபவருக்கு அன்று.

## எதைத் தேர்ந்தாலும் எழுதும் முறை

நிபந்தனையை எழுதும்போது மூன்று பகுதிகள் வேண்டும்: மூன்றெழுத்து, துல்லியமான இடம், பதிப்பு ஆண்டு. ஊர்ப் பெயர் மட்டும் போதாது. ஒரே ஊரில் நான்கு முனையங்கள் இருக்கலாம். ஆண்டை எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் உள்நாட்டு வணிகச் சட்டத்தில் எஃப்ஓபி என்ற சொல் வேறு பொருளில், வாங்குபவரின் ஊர் வரை விற்பவர் பொறுப்பு என்ற வகையில்கூட, வழங்கிவந்தது. ஆண்டு இல்லாத எஃப்ஓபியை இருவரும் இருவிதமாகப் படிக்க இடமுண்டு. சிஐபி என்றால் தொகைப் பகுதி இப்படி அமையும்:

```
CIP (destination port, terminal) Incoterms 2020
Goods, 6000 PCS x USD 8.00      USD 48,000.00
Inland haulage, export customs  USD    600.00
Terminal handling, loading      USD    300.00
Ocean freight                   USD  1,800.00
Insurance                       USD    200.00
Total CIP                       USD 50,900.00
```

## பொருள் விவரணை: மூன்று வழிகள்

தொகை சரியாக இருந்தும் சரக்கு நிற்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் விவரணைக் கட்டம். இதை எழுதுவதிலும் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி, விற்பனைப் பெயரையோ மாடல் எண்ணையோ எழுதுவது. வாங்குபவருக்குப் புரியும், சுங்கத்துக்குப் புரியாது. இரண்டாவது, சுங்கப் பட்டியலின் தலைப்பு வாசகத்தை அப்படியே பெயர்த்து எழுதுவது. பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டுடன் அழகாகப் பொருந்தும்; ஆனால் ‘பிற’ என்று தொடங்கும் அந்த வாசகம் பெட்டிக்குள் எது இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதிகாரி பெட்டியைத் திறந்து பார்க்கவே அது தூண்டும். மூன்றாவது, பொருள் என்ன, எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, எதற்குப் பயன்படும் என்பதை நாமே சொல்வது. கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆலையிடமிருந்து தகவல் கேட்டுப் பெறவும் வேண்டும். சுங்கத்துக்குப் பயன்படுவது இதுதான்.

நம் விரிப்பையே பார்ப்போம். ‘படுக்கை விரிப்பு’ என்று மட்டும் எழுதினால் எச்.எஸ். குறியீட்டைத் தீர்மானிக்கவே முடியாது. பின்னலாடைத் துணி என்றால் 6302.10, நெய்த பருத்தித் துணியில் அச்சிட்டது என்றால் 6302.21, அதே துணி அச்சில்லாமல் இருந்தால் 6302.31. ‘அச்சிட்டது’ என்ற ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் குறியீட்டை மாற்றுகிறது. சில நாடுகளில் அதோடு வரி விகிதமும் மாறும். முழுமையான விவரணை இப்படி இருக்கும்:

```
Bed sheets, woven, 100% cotton, printed
Size 220 x 240 cm, new, for household use
HS 6302.21   6000 PCS   Net 4,440 kg
```

ஆறு இலக்கம் வரை இந்தக் குறியீடு உலகச் சுங்க அமைப்பின் பட்டியலைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் அந்தந்த நாட்டுக்குரியவை. ஆகையால் நம் நாட்டின் எட்டு இலக்கத்தை வாங்குபவர் அப்படியே பயன்படுத்த முடியாது. இன்வாய்ஸில் ஆறு இலக்கம் எழுதி, மிச்சத்தை அவருடைய முகவரிடம் விடுவதே நல்லது.

பிறந்த நாடு என்ற கட்டத்தில் சரக்கு எங்கிருந்து கப்பலேறியது என்பதை எழுதக் கூடாது. எங்கே உற்பத்தியானது என்பதையே எழுத வேண்டும். இலவச மாதிரிகளுக்கும் மதிப்பு வேண்டும். ‘வணிக மதிப்பு இல்லை’ என்று குறிப்பிடலாம். ஆனால் சுங்கத்துக்கான நியாயமான மதிப்பு ஒன்று அருகில் இருந்தாக வேண்டும். சுழியம் என்று எழுதிய பெட்டிகளே அதிகம் நிறுத்தப்படுகின்றன.

எல்.சி. இருந்தால் விவரணையில் ஒரு முரண் எழும். எல்.சி.களுக்கான பன்னாட்டு விதிகளான யூசிபி 600இன் 18ஆம் பிரிவு, இன்வாய்ஸின் பொருள் விவரணை எல்.சி.யில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. வாங்குபவர் எல்.சி.யில் விற்பனைப் பெயரை மட்டும் போட்டிருப்பார். சுங்கத்துக்கோ அது போதாது. எல்.சி. வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே முதல் வரியில் எழுதி, சுங்கத்துக்கான விவரங்களை அதன் கீழே தனி வரியில், முதல் வரியோடு எங்கும் முரண்படாதபடி சேர்ப்பது நான் கடைப்பிடிக்கும் முறை. எல்.சி.யில் எஃப்ஓபி என்று இருந்து, நாம் எஃப்சிஏவுக்கு மாற விரும்பினால், இன்வாய்ஸில் மட்டும் மாற்றக் கூடாது, எல்.சி.யைத் திருத்தித் தரும்படி சரக்கு ஆலையை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்க வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு கேட்டால், திருத்தத்துக்கு இணங்க வாங்குபவருக்கு அவசரம் எதுவும் இருக்காது.